முக்கியத்துவ மதிப்பெண் கொடுத்தும் ஏஜென்ட் மறந்துவிடுகிறது: கோளாறு மதிப்பெண்ணிலா, தேய்மானத்திலா?

ஆழ்கிணறு · பிப்ரவரி 3, காலை 10.42

தனிப்பட்ட உதவியாளராக இயங்கும் ஏஜென்ட் ஒன்றைக் கட்டி வருகிறேன். பயனர் சொல்வதை எல்லாம் குறிப்புகளாகச் சேமித்து, சேமிக்கும்போதே மொழி மாதிரியிடம் 1 முதல் 10 வரை முக்கியத்துவ மதிப்பெண் கேட்டு வாங்கி வைக்கிறேன். பின்னர் தேடும்போது அண்மை, முக்கியத்துவம், பொருத்தம் ஆகிய மூன்றையும் கூட்டி, முதல் ஐந்து குறிப்புகளை மாதிரிக்குக் கொடுக்கிறேன். 2023இல் வெளிவந்த ‘ஜெனரேட்டிவ் ஏஜென்ட்ஸ்’ ஆய்வுக்கட்டுரையின் முறைதான் இது. புதிதாக எதையும் நான் சேர்க்கவில்லை.

சோதனைக்காகப் பயனர் பேச்சு ஒன்றை இப்படி எழுதி உள்ளே விட்டேன்: “அந்த விமானச் சீட்டை வியாழனுக்கு மாற்றிவிடு. போன தடவை பென்சிலின் ஊசி போட்டு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்ததே, அந்த மாதிரி இந்தப் பயணமும் ஆகிவிடக் கூடாது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் நல்லது.” இதற்கு மாதிரி கொடுத்த மதிப்பெண் 3. அதன் பிறகு 45 நாள் அளவுக்கு அன்றாடப் பேச்சை நிரப்பிவிட்டு, “பல் வலிக்கு டாக்டர் அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்திருக்கிறார், மாலையில் வாங்க நினைவூட்டு” என்று கேட்டேன். ஏஜென்ட் மறுபேச்சின்றி நினைவூட்டலை அமைத்துவிட்டது. அமாக்சிசிலின் பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்து என்பது அந்த மாதிரிக்கு நன்றாகவே தெரியும். தனியாகக் கேட்டால் சொல்கிறது. ஆனால் அந்தப் பழைய குறிப்பு அதன் கைக்கு வரவே இல்லை.

மதிப்பெண் குறைவாக இருந்ததுதான் காரணம் என்று எண்ணி, 3 என்பதைக் கையால் 8 ஆக்கி மறுபடியும் கேட்டேன். அப்போதும் முதல் ஐந்தில் அது இல்லை. முக்கியத்துவம் 8 என்று எழுதி வைத்த பிறகும் ஒரு குறிப்பு காணாமல் போகுமானால், அந்த மதிப்பெண் எதைத்தான் காப்பாற்றுகிறது?

ஒற்றைப்புள்ளி · பிப்ரவரி 3, காலை 11.15

இவ்வளவு சிரமம் தேவையில்லை. இப்போதைய மாதிரிகள் பத்து லட்சம் டோக்கன் வரை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. 45 நாள் பேச்சு அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. முழுவதையும் அப்படியே கொடுத்துவிட்டால் எதையும் மறக்க வேண்டியதில்லை.

ஆழ்கிணறு · பிப்ரவரி 3, காலை 11.31

45 நாள் என்பது சோதனைக்கு மட்டும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய ஏஜென்ட் இது. ஒவ்வொரு கேள்விக்கும் முழு வரலாற்றையும் படிக்க வைப்பதற்கான செலவையும் தாமதத்தையும் என்னால் தாங்க முடியாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே என் கேள்வி.

தறிநூல் · பிப்ரவரி 3, மாலை 6.08

செலவைத் தள்ளி வைத்தாலும் ஒற்றைப்புள்ளியின் வழி முழுப் பாதுகாப்பு ஆகாது. நீண்ட உள்ளீட்டின் நடுவில் கிடக்கும் ஒற்றை வாக்கியத்தை மாதிரிகள் தவறவிடுவது ஆய்வுகளில் பதிவான ஒன்று.

ஆழ்கிணறு, உங்கள் அமைப்பில் இரண்டு கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்ததும் மற்றது தெரிந்துவிட்டது.

முதலாவது, நீங்கள் மாதிரியிடம் கேட்கும் கேள்வி. அந்தக் கட்டுரையின் பிராம்ப்ட்டை அப்படியே எடுத்திருந்தால், அதில் 1 என்பதற்கு எடுத்துக்காட்டு பல் துலக்குவதும் படுக்கையை ஒழுங்கு செய்வதும். 10 என்பதற்கு எடுத்துக்காட்டு காதல் முறிவும் கல்லூரியில் இடம் கிடைப்பதும். அதாவது ஒரு நிகழ்வு மனத்தை எவ்வளவு தொடுகிறது என்பதைத்தான் அந்த அளவுகோல் அளக்கிறது. கற்பனை ஊரில் வாழும் 25 பாத்திரங்கள் நம்பும்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அதற்கு அது பொருத்தமான அளவுகோல். உங்கள் ஏஜென்ட்டின் பணி வேறு. மருந்து ஒவ்வாமை, கடவுச்சீட்டு காலாவதியாகும் நாள், “என் தம்பியிடம் இதைச் சொல்லாதே” என்ற வேண்டுகோள் போன்றவை உணர்ச்சி ஏதுமின்றி, போகிற போக்கில் சொல்லப்படுபவை. செல்லப் பூனை இறந்த கதை 9 வாங்கும், ஒவ்வாமை 3 வாங்கும். மாதிரி தவறு செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, தேய்மானம். அந்தக் கட்டுரையில் அண்மை மதிப்பு, கடைசியாக எடுத்துப் பார்த்த நேரத்திலிருந்து மணிக்கு 0.995 என்ற விகிதத்தில் தேய்கிறது. ஆறு நாள்களுக்குள் பாதியாகிவிடும். 30 நாளில் ஏறக்குறைய 0.03, உங்கள் 45 நாளில் 0.005க்கும் கீழே. நீங்கள் 8 கொடுத்த குறிப்பின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 முதல் 10 வரையிலான அளவை 0 முதல் 1 வரைக்கு மாற்றினால் முக்கியத்துவம் 0.78. அண்மை 0.00. பொருத்தம் சுமார் 0.35 இருக்கும், ஏனென்றால் அந்தக் குறிப்பு பெரும்பாலும் விமானச் சீட்டைப் பற்றியது. கூட்டினால் 1.13. இதற்கு எதிராக நேற்றைய “பல் வலி தாங்கவில்லை” என்ற புலம்பலுக்கு முக்கியத்துவம் 2, அதாவது 0.11, அண்மை 0.89, பொருத்தம் 0.90. கூட்டினால் 1.90. பல் வலியைப் பற்றி அந்த வாரத்தில் ஐந்து முறை பேசியிருந்தால் போதும், ஐந்து இடங்களும் நிரம்பிவிடும். 10 கொடுத்திருந்தாலும் 1.35தான் வந்திருக்கும்.

எனவே கூட்டல் கணக்கில் முக்கியத்துவம் மூன்றில் ஒரு வாக்கு மட்டுமே. மற்ற இரண்டும் எதிர்த்து வாக்களித்தால் அது தோற்றுவிடும்.

கோடைமழை · பிப்ரவரி 4, காலை 8.20

மாதிரியிடம் மதிப்பெண் கேட்பதையே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அரிதான செய்தி தானாகவே தனித்துத் தெரியும். ஒவ்வொரு குறிப்பின் எம்பெடிங்கையும் கணக்கிட்டு, மற்றக் குறிப்புகளிலிருந்து அது எவ்வளவு தொலைவில் விழுகிறது என்று பாருங்கள். காலை வணக்கங்களும் வானிலைப் பேச்சும் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடக்கும். ஒவ்வாமை எங்கோ தனியாக நிற்கும். தனியாக நிற்பதை வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தேய விடுங்கள். கூடுதல் மாதிரி அழைப்பு தேவையில்லை, செலவும் குறையும்.

தறிநூல் · பிப்ரவரி 4, காலை 9.02

இதில் பாதி சரி. கூட்டமாகக் கிடப்பதை ஒன்றாகச் சுருக்க இந்தத் தொலைவு மிகவும் உதவும். பல் வலிப் புலம்பல்கள் ஐந்தும் ஒரே குறிப்பாகிவிட்டால் தேடலில் நான்கு இடங்கள் விடுபடுகின்றன. ஆனால் தனியாக நிற்பதெல்லாம் தேவையானது என்று ஆகாது. பயனர் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்ன விடுகதையும், தவறுதலாக ஒட்டிய பிழைச் செய்தியும் எல்லாவற்றையும் விடத் தொலைவில் போய் நிற்கும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. உயிர்காக்கும் செய்தியைப் பயனர் அடிக்கடி சொன்னால் அது கூட்டத்தில் சேர்ந்து சாதாரணமாகிவிடும். ஆழ்கிணற்றின் எடுத்துக்காட்டிலேயே பாருங்கள்: பென்சிலின் வாக்கியம் விமானச் சீட்டுப் பேச்சுக்குள் பொதிந்திருக்கிறது, எனவே அதன் எம்பெடிங் மற்றப் பயணப் பேச்சுகளின் நடுவில்தான் விழும்.

கோடைமழை · பிப்ரவரி 4, காலை 9.40

என் சேமிப்பில் உள்ள குறிப்புகளைப் பார்த்தேன். விடுகதை விஷயம் உண்மைதான். மிகத் தொலைவில் நிற்பவற்றில் பெரும்பாலானவை குப்பை. ஆனாலும் தொலைவை ஒரு வடிகட்டியாக முன்னால் வைத்து, அதில் தேறியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் கேட்பது செலவைக் குறைக்கும் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

ஆழ்கிணறு · பிப்ரவரி 5, இரவு 9.55

தறிநூலின் கணக்கைப் பார்த்த பிறகு வேலையை இரண்டாகப் பிரித்தேன்.

முதலில், முழுப் பேச்சுக்கும் மதிப்பெண் கேட்பதை நிறுத்தினேன். ஒரு பேச்சில் சீட்டு மாற்றம், மருத்துவ நிகழ்வு, இருக்கை விருப்பம் என்று மூன்று செய்திகள் இருந்தால், அவற்றுக்கு ஒரே மதிப்பெண் கொடுப்பது பொருளற்றது. இப்போது முதல் படியில் பேச்சைத் தனித்தனிச் செய்திகளாகப் பிரிக்கச் சொல்கிறேன். பயனர் நேரடியாகச் சொல்லாவிட்டாலும் அவர் பேச்சிலிருந்து உறுதியாகத் தெரிவதையும் எழுதச் சொல்கிறேன். “பென்சிலின் ஊசிக்குப் பிறகு பயனருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது, கடுமையான ஒவ்வாமையாக இருக்கலாம்” என்ற தனி வரி இப்படித்தான் கிடைத்தது. பயனர் ஒவ்வாமை என்று சொல்லவே இல்லை என்பதால், “இருக்கலாம்” என்ற ஐயத்தையும் அப்படியே காப்பாற்றும்படி பிராம்ப்ட்டில் வலியுறுத்தினேன்.

பிறகு மதிப்பெண் கேள்வியை மாற்றினேன். “இது எவ்வளவு முக்கியம்?” என்று கேட்டால் மாதிரி எல்லாவற்றுக்கும் 5, 6, 7 என்று நடுவிலேயே கொடுத்துக்கொண்டு போகிறது, அத்தகைய மதிப்பெண்களை வைத்து எதையும் பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள். இதை மறந்துவிட்டுச் செயல்பட்டால் நேரக்கூடிய மிக மோசமான விளைவு என்ன, அதைப் பின்னர் சரிசெய்ய முடியுமா? இந்தச் செய்தி நாட்காட்டி, மின்னஞ்சல், கோப்பு என்று வேறு எங்காவது மீண்டும் கிடைக்குமா? முதலில் பதிலை ஒரு வாக்கியமாக எழுதிவிட்டு, அதன் பிறகே எண்ணைத் தரச் சொல்கிறேன். சீட்டு மாற்றம் மின்னஞ்சலில் இருப்பதால் அதற்கு 2 வந்தது. ஜன்னலோர இருக்கைக்கு 3. ஒவ்வாமைக்கு 9. பூனை இறந்த செய்திக்கு 5 வந்தது, அதை மறந்துவிட்டு “பூனை எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் பயனர் மனம் நோவார் என்று காரணம் எழுதியிருந்தது. அந்தக் காரணத்தைப் படித்தபோது இந்த வழியின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இரவுக்காவல் · பிப்ரவரி 5, இரவு 11.48

நான் பார்ப்பது சர்வர் பராமரிப்பு. நிரல் எழுதும் ஏஜென்ட்டைப் பயன்படுத்துகிறோம். எங்கள் இழப்புக்குத் தேய்மானம் காரணமே இல்லை. “சோதனை சர்வரும் பயனர்கள் பயன்படுத்தும் சர்வரும் ஒரே வட்டில்தான் எழுதுகின்றன, கேட்காமல் எதையும் அழிக்காதே” என்று ஒரே ஒரு முறை சொல்லப்பட்டது. அது பதிவானது, உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்றது. வார இறுதியில் குறிப்புகளைச் சுருக்கும் பணி ஓடி, அன்றைய நீண்ட உரையாடலை “சோதனை சர்வரை அமைப்பது குறித்துப் பேசப்பட்டது, வட்டு அமைப்பு விளக்கப்பட்டது” என்று ஆக்கிவிட்டது. சுருக்கத்துக்கும் உயர்ந்த மதிப்பெண் இருந்தது, தேடலிலும் அது முதலில் வந்தது. உள்ளே தடை மட்டும் இல்லை. அழிப்புக் கட்டளை ஓடுவதற்கு முன் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம்.

மதிப்பெண்ணைப் பற்றி எவ்வளவு பேசினாலும், சுருக்கும் படியில் அதை மதிக்காவிட்டால் பயனில்லை.

தறிநூல் · பிப்ரவரி 6, காலை 7.30

இரவுக்காவல் சொன்னதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சுருக்கம் இயல்பிலேயே பெரும்பான்மையின் பக்கம் சாயும். ஒரு மணி நேர உரையாடலில் ஒரே ஒரு முறை வந்த எண், எதிர்மறை, விதிவிலக்கு ஆகியவைதான் முதலில் உதிரும். ஆகவே சுருக்குவதற்கு முன்பே, குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேற்பட்ட செய்திகளைப் பிரித்தெடுத்து, பயனரின் சொற்களோடு சேர்த்து, சொல் மாறாமல் வேறிடத்தில் வைத்துவிட வேண்டும். எஞ்சியதை எப்படி வேண்டுமானாலும் சுருக்கலாம்.

ஆழ்கிணற்றின் தேய்மானத்துக்கு நான் செய்வது இது: முக்கியத்துவத்தைக் கடைசியில் கூட்டுவதோடு நிறுத்தாமல், தேயும் வேகத்தை அதனிடமே ஒப்படைக்கிறேன்.

```python
half_life = 3 * 2 ** (importance - 1)
strength = 0.5 ** (age_days / half_life)
```

மதிப்பெண் ஒவ்வொன்று கூடும்போதும் அரை ஆயுள் இரட்டிக்கிறது. 1 பெற்ற வணக்கம் மூன்று நாளில் பாதியாகும். 5 பெற்ற செய்திக்கு 48 நாள். 9 பெற்ற ஒவ்வாமைக்கு 768 நாள். 45 நாள் கழித்து ஒவ்வாமையின் வலு 0.96, அதே நாளில் 2 பெற்ற பேச்சின் வலு 0.006. வலு 0.05க்குக் கீழே போனால் செயல்படும் நினைவிலிருந்து எடுத்துவிடுகிறேன். இந்த 3 என்ற எண்ணுக்கு ஆழ்ந்த காரணம் ஏதும் இல்லை. உங்கள் பயனர் ஒரு நாளில் எவ்வளவு பேசுகிறார், எவ்வளவு குறிப்புகளை உங்களால் தாங்க முடியும் என்பதைப் பொறுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆழ்கிணறு · பிப்ரவரி 8, மாலை 4.17

இதைச் செய்து பார்த்தேன். ஒவ்வாமைக் குறிப்பு இப்போது பல் வலிக் கேள்விக்கு முதலில் வருகிறது. ஆனால் திரைப்படச் சீட்டு கேட்டாலும் முதல் ஐந்தில் வந்து நிற்கிறது. முக்கியத்துவம் 0.89, வலு 0.96, பொருத்தம் 0.05 என்றாலும் கூட்டுத்தொகை 1.90 ஆகிவிடுகிறது. 9 பெற்ற குறிப்புகள் பத்துப் பதினைந்து சேர்ந்துவிட்டால், எந்தக் கேள்விக்கும் அவையே வந்து நின்று வேறு எதற்கும் இடம் விடமாட்டா.

தறிநூல் · பிப்ரவரி 8, இரவு 8.03

எதிர்பார்த்ததுதான். வைத்திருப்பது ஒரு முடிவு, இப்போது வெளியே எடுப்பது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையால் எடுக்க முயன்றால் இப்படித்தான் ஆகும். முக்கியத்துவத்தை வைத்திருக்கும் முடிவுக்குப் பயன்படுத்துங்கள். எடுக்கும் முடிவைப் பொருத்தத்திடம் விடுங்கள். இரண்டு குறிப்புகள் ஏறக்குறைய சமமாக வரும்போது மட்டும் வலு தீர்மானிக்கட்டும்.

அப்படிச் செய்தால் உங்கள் பழைய சிக்கல் திரும்பும், பொருத்தம் 0.35தான் என்பதால். அதற்கு மருந்து எழுதும் நேரத்திலேயே இருக்கிறது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒவ்வொரு செய்திக்கும் “எந்தச் சூழல்களில் இது தெரிந்திருக்க வேண்டும்?” என்று மாதிரியிடம் கேட்டு, வரும் பதில்களையும் எம்பெடிங் செய்து அதே குறிப்போடு இணைத்து வையுங்கள். பென்சிலினுக்கு “மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தரும்போது”, “மருந்து வாங்கும்போது”, “பல் சிகிச்சை, அறுவைச் சிகிச்சைக்கு முன்”, “மருத்துவமனைப் படிவம் நிரப்பும்போது” என்ற வரிகள் வரும். தேடல் இவற்றில் எதைத் தொட்டாலும் மூலக் குறிப்பு வந்துவிடும். திரைப்படச் சீட்டு இவற்றில் எதையும் தொடாது. பயனர் சொன்ன சொற்கள் ஓரிடத்தில் இருக்கும், தேவைப்படும் நேரத்தின் சொற்கள் முற்றிலும் வேறாக இருக்கும். அந்த இடைவெளியை எழுதும்போதே நிரப்பிவிடுவதுதான் இது.

ஒற்றைப்புள்ளி · பிப்ரவரி 9, காலை 10.26

அந்தச் சூழல் பட்டியலை மாதிரியே ஊகிப்பதானால், அது ஊகிக்காத சூழலில் என்ன ஆகும்?

தறிநூல் · பிப்ரவரி 9, காலை 10.50

தவறிவிடும். அதனால்தான் மிகச் சில செய்திகளைத் தேடலையே நம்பாமல், ஒவ்வொரு உரையாடலின் தொடக்கத்திலும் நேராக பிராம்ப்ட்டில் வைக்கிறேன். அதற்கு ஒரு கண்டிப்பான அளவு உண்டு; என்னிடம் 300 டோக்கன். இடம் நிரம்பினால் புதியது நுழைய, பழையதில் ஒன்று கீழே தேடல் சேமிப்புக்கு இறங்க வேண்டும். எது இறங்குவது என்பதை எண்களால் முடிவு செய்வதில்லை, இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து “இவற்றில் எதை மறந்தால் கேடு அதிகம்?” என்று கேட்கிறேன். தனித்தனியாக எண் கேட்பதைவிட இணையாக வைத்து ஒப்பிடக் கேட்கும்போது மாதிரியின் பதில் நிலையாக இருக்கிறது.

கோடைமழை · பிப்ரவரி 9, மதியம் 1.12

ஒரு குறிப்பை எடுத்துப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் வலுவைப் புதுப்பிக்கலாமே. 1885இல் எபிங்ஹாஸ் மறதியை அளந்த காலத்திலிருந்தே, திரும்பப் பார்த்தால் நிலைக்கும் என்பது தெரிந்ததுதான். பயன்படுவது நிலைக்கட்டும், பயன்படாதது தேயட்டும்.

இரவுக்காவல் · பிப்ரவரி 9, மதியம் 2.37

எங்கள் வட்டுத் தடை ஓர் ஆண்டில் ஒரு முறை தேவைப்படலாம். தேவைப்படும் வரை அதை யாரும் தொடமாட்டார்கள். நீங்கள் சொல்லும் முறையில் அதுதான் முதலில் போகும், “சரி, நன்றி” என்ற குறிப்பு நிலைத்து நிற்கும்.

தறிநூல் · பிப்ரவரி 9, இரவு 9.44

இதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. புதுப்பித்தலை முழுமையாக விலக்கவும் மனம் இல்லை, ஏனென்றால் எழுதும் நேரத்தில் 3 பெற்ற ஒரு செய்தி பின்னர் உண்மையில் பயன்படுவதைக் காட்ட வேறு தடயம் நம்மிடம் இல்லை. இப்போதைக்கு, தேடலில் வந்ததற்காக வலுவைக் கூட்டுவதில்லை. அந்தக் குறிப்பால் ஏஜென்ட்டின் பதில் மாறியது என்று தெரிந்தால் மட்டும் கூட்டுகிறேன். அதைக் கண்டறிய, குறிப்போடும் குறிப்பு இல்லாமலும் இரண்டு முறை பதிலை உருவாக்கி ஒப்பிட வேண்டியிருக்கிறது. செலவு அதிகம் என்பதால் தேர்ந்தெடுத்த சில உரையாடல்களில் மட்டும் செய்கிறேன். எந்த நிலையிலும், பயன்படாததற்காக வலுவைக் குறைப்பது 7க்கு மேற்பட்டவற்றுக்கு இல்லை.

ஆழ்கிணறு · பிப்ரவரி 14, காலை 9.05

சூழல் வரிகளைச் சேர்த்தேன். அமாக்சிசிலின் கேள்விக்கு ஒவ்வாமை வருகிறது, திரைப்படக் கேள்விக்கு வருவதில்லை.

இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டும் சோதனையாக இதை ஆக்கியிருக்கிறேன். ஒரே ஒரு முறை, வேறு பேச்சின் நடுவில் சொல்லப்படும் செய்திகளைப் புதைக்கிறேன். மேலே வாரக்கணக்கில் வெற்றுப் பேச்சைக் கொட்டுகிறேன். பிறகு மூலச் செய்தியின் ஒரு சொல்கூட வராத கேள்வியைக் கேட்கிறேன். மூலச் சொல்லைப் பயன்படுத்தினால் எந்த அமைப்பும் தேறிவிடுகிறது, அதனால் எதுவும் தெரிவதில்லை. இதோடு, வலு குறைந்து நீக்கப்பட்டவற்றை அழிக்காமல் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அந்தக் கோப்பிலும் பின்னணியில் தேடுகிறேன். அங்கே மேலான பொருத்தம் கிடைத்தால், அது தவறாக நீக்கப்பட்ட குறிப்பு. பெரும்பாலும் அதன் மதிப்பெண்ணுக்கு எழுதப்பட்ட காரணத்தைப் படித்தாலே எங்கே பிசகியது என்று தெரிகிறது.

அப்படிக் கிடைத்த ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. “அம்மாவுக்கு இனி நான் போன் செய்ய வேண்டியதில்லை” என்ற செய்திக்கு மாதிரி 2 கொடுத்திருந்தது; ஒரு வேலை குறைந்தது என்று காரணம் எழுதியிருந்தது. நான் எழுதிய சோதனைக் கதையில் அந்த அம்மா அதற்கு முந்தைய வாரம் மருத்துவமனையில் இருந்தார். தனி வரியாகப் பிரித்தபோது அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. மதிப்பெண் போடும்போது முந்தைய குறிப்புகளில் தொடர்புடையவற்றையும் சேர்த்துக் காட்டினால் சரியாகிறது, ஆனால் எத்தனை நாள் பின்னோக்கிப் போவது என்று தெரியவில்லை.

தறிநூல் · பிப்ரவரி 14, மதியம் 12.20

நாள் கணக்கில் போகாதீர்கள். அதே ஆளை, அதே பொருளைக் குறிக்கும் குறிப்புகளை மட்டும் எடுத்துக் காட்டுங்கள், எவ்வளவு பழையதானாலும். வேறொரு பயனும் உண்டு: “மருத்துவர் சோதித்துவிட்டு அது பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்று சொல்லிவிட்டார்” என்று பயனர் நாளை சொன்னால், 9 பெற்ற பழைய குறிப்பு அப்போதே கண்ணில் படும், அதை மாற்றி எழுதலாம். தேய்மானம் அதைப் பல ஆண்டுகளுக்கு நீக்காது என்பதால், அதைத் திருத்த வேறு வழியே இல்லை.

இரவுக்காவல் · பிப்ரவரி 14, இரவு 10.31

மாற்றி எழுதும்போது பழையதை அழிக்காமல் “இந்த நாள் வரை” என்று குறித்து வையுங்கள். எங்கள் வட்டு இப்போது பிரிக்கப்பட்டுவிட்டது, ஆனால் பழைய காப்புப் பிரதியை மீட்டால் அந்தத் தடை மறுபடியும் உண்மையாகிவிடும். அந்த நிலையில் மதிப்பெண் 9ஆகவே இருக்க வேண்டுமா, குறைக்கலாமா என்று எங்கள் குழுவில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.